வாடகை சர்வரும் திங்கட்கிழமை பில்லும்

ஆசிரியருக்கு வணக்கம்.

எப்போதாவது வரும் பெரிய சிமுலேஷனுக்காகப் பல்கலைக்கழகங்கள் சர்வர் வாங்கிக் குவிக்க வேண்டாம், அந்த நேரத்துக்கு மட்டும் கிளவுடில் வாடகைக்கு எடுத்தால் போதும் என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். கருத்து சரிதான். மதுரையில் நாங்கள் செய்வதும் அதுதான். வைகைப் படுகையின் மழையைக் கணிக்கும் ஓட்டம் ஒன்றுக்கு 16 சர்வர்கள் 20 மணி நேரம் வேண்டும். வருடத்துக்குப் பத்து ஓட்டம். அந்தப் பதினாறையும் சொந்தமாக வாங்கியிருந்தால், வருடத்தின் 8,760 மணி நேரத்தில் 200 மணி நேரம்தான் அவற்றுக்கு வேலை. (இந்த ஏற்பாட்டுக்குப் பெயர் 'கிளவுட் பர்ஸ்டிங்'. மேகவெடிப்பா என்று எங்கள் கணக்குப்பிரிவில் கேட்டார்கள்.)

ஆனால் கல்யாணத்துக்கு எடுத்த அண்டாவைத் திருப்பிக் கொடுக்கும்வரை வாடகை ஓடும். கட்டுரையில் அந்தப் பக்கம் வரவில்லை.

எங்கள் வளாகத்தில் வேலைகளைப் பிரித்துக் கொடுப்பது ஸ்லர்ம் என்ற மென்பொருள். வரிசையில் பெரிய வேலை நின்றால் கிளவுடில் சர்வர்களை எழுப்பும். வேலை முடிந்து பத்து நிமிடம் சும்மா இருந்தால் `SuspendProgram` என்ற இடத்தில் நாங்கள் கொடுத்த ஸ்கிரிப்டை ஓட்டி அவற்றை அணைக்கும். ஒரு வெள்ளிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு ஓட்டம் முடிந்தது. ஸ்கிரிப்டும் ஓடியது. ஆனால் அது கிளவுடுக்குள் நுழையும் சாவி அன்றுதான் காலாவதியாகியிருந்தது. ஸ்கிரிப்ட் தோற்றதை ஸ்லர்ம் கண்டுகொள்ளவில்லை. `sinfo` என்று தட்டினால் பதினாறும் `idle~` என்றே காட்டின. அந்த அலைக்குறிக்கு 'அணைந்துவிட்டது' என்று பொருள். கிளவுட் பக்கத்திலோ பதினாறும் ஓடிக்கொண்டிருந்தன. திங்கள் காலை ஒன்பது மணிவரை 60 மணி நேரம். வேலை செய்த நேரத்துக்கு ஒரு பங்கு, சும்மா இருந்ததற்கு மூன்று பங்கு வாடகை கட்டினோம்.

பட்ஜெட் எச்சரிக்கை வைத்திருக்கவில்லையா என்று கேட்பார்கள். வைத்திருந்தோம். பில் கணக்கு பல மணி நேரம் தாமதமாகத்தான் புதுப்பிக்கப்படும். அப்புறம் அது மின்னஞ்சல் அனுப்பும், அவ்வளவுதான். சனிக்கிழமை வந்த மின்னஞ்சலைத் திங்கட்கிழமை படித்தோம்.

இப்போது இரண்டு காவல் வைத்திருக்கிறோம். எழும் ஒவ்வொரு சர்வரும் எழுந்தவுடனே தனக்குத்தானே இந்தக் கட்டளையைக் கொடுத்துக்கொள்ளும்:

```
shutdown -h +1440
```

24 மணி நேரத்தில், யாரையும் கேட்காமல் அணைந்துவிடும். 20 மணி நேர வேலைக்கு அது போதும். அணைந்ததும் சர்வர் அடியோடு நீக்கப்பட வேண்டும் என்பதையும் கிளவுடில் குறித்துவைக்க வேண்டும். இல்லாவிட்டால் டிஸ்க் வாடகை ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டாவது, ஸ்லர்ம் சொல்லும் பட்டியலையும் கிளவுட் சொல்லும் பட்டியலையும் மணிக்கொருமுறை ஒப்பிட்டு, வித்தியாசம் இருந்தால் என் கைபேசிக்குச் செய்தி அனுப்பும் சின்ன ஸ்கிரிப்ட். வைத்த இரண்டாவது மாதமே ஒரு சர்வர் சிக்கியது, இரவு இரண்டரை மணிக்கு.

இப்படிக்கு,
கல்லூரிக் கணினி மைய நிர்வாகி ஒருவர்,
திருநகர், மதுரை.