சனிக்கிழமை அறிக்கை எழுதும் சைட் பொறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள சைட் பொறியாளர்களே,

வாராந்திர முன்னேற்ற அறிக்கையைச் சனிக்கிழமை சாயங்காலம் அனுப்புகிறீர்கள். அதைத் திட்ட மேலாளர் பெரும்பாலும் திங்கள் காலையில், அடுத்த சைட்டுக்குப் போகும் வண்டியில் உட்கார்ந்து, போனில்தான் படிக்கிறார். அவருக்கு அதுபோல ஐந்தாறு சைட்டுகள் இருக்கும். உங்கள் அறிக்கைக்குக் கிடைப்பது இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடத்தில் அவர் தெரிந்துகொள்ள வேண்டியவை மூன்று: ஒப்படைக்கும் தேதி நிற்கிறதா, நிற்காவிட்டால் எதனால், அவர் என்ன செய்ய வேண்டும். எங்களிடம் வரும் அறிக்கைகள் பலவற்றில் இந்த மூன்றும் கடைசிப் பக்கத்தில் கிடக்கின்றன, அல்லது இல்லவே இல்லை.

வழக்கமாக வருவது இப்படி இருக்கும்: “இரண்டாம் மாடி ஸ்லாப் வேலை 80% முடிந்தது. எலெக்ட்ரிகல் டிராயிங் எதிர்பார்க்கப்படுகிறது. மற்ற வேலைகள் நல்லபடியாக நடக்கின்றன.” பிறகு சிமெண்ட் இருப்பு, ஆள் கணக்கு, இருபது போட்டோ. இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் ஸ்லாப் நின்றுபோனதே அந்த டிராயிங்கால்தான் என்பது படிப்பவருக்குத் தெரியாது. “எதிர்பார்க்கப்படுகிறது” என்றால் யார் தர வேண்டும், எப்போது தர வேண்டும், தராவிட்டால் என்ன ஆகும்?

அதே வாரத்தை இப்படி எழுதலாம். ஒரு விடுதிக் கட்டிடத்தை எடுத்துக்கொள்வோம்.

> பொருள்: விடுதிக் கட்டிடம், 14-6-2025 வரை. மஞ்சள். திங்களுக்குள் உங்கள் உதவி தேவை
>
> ஒப்படைப்புத் தேதி 30-11-2025 இன்னும் நிற்கிறது. ஆனால் கையிலிருந்த 10 நாள் அவகாசத்தில் 7 நாள் போய்விட்டது.
>
> உங்களிடம் கேட்பது: இரண்டாம் மாடிக் கூரை ஸ்லாபின் எலெக்ட்ரிகல் டிராயிங்கில் ஆலோசகரின் கையெழுத்து, திங்கள் (16-6) மாலை 5 மணிக்குள்.
>
> கிடைத்தால்: செவ்வாய் பைப்பும் ஃபேன் பாக்ஸும், புதன் மேல் கம்பியும் செக்கிங்கும், வியாழன் (19-6) கான்கிரீட்.
>
> கிடைக்காவிட்டால்: கம்பி கட்டும் குழு வியாழனன்று வேறு சைட்டுக்குப் போகிறது, 27-6 அன்றுதான் திரும்பும். கான்கிரீட் 28-6. ஒப்படைப்பு 6 நாள் தள்ளும்.
>
> இந்த வாரம்: ஒப்புக்கொண்ட 8 வேலைகளில் 6 முடிந்தன. முடியாதவை: ஸ்லாப் கான்கிரீட் (12-6), மேல் கம்பி. இரண்டுக்கும் காரணம் அதே டிராயிங்.
>
> அடுத்த வாரம்: ஸ்லாப் கான்கிரீட், முதல் மாடி உள்சுவர் பூச்சு 4 அறை, படிக்கட்டு சென்ட்ரிங்.

போன் திரையில் ஒன்றரைத் தள்ளுக்குள் முடிந்துவிடும். இதில் முக்கியமானது “கிடைக்காவிட்டால்” வரி. மேலாளர் ஆலோசகரிடம் பேசும்போது அவர் கையில் இருக்கும் ஆயுதம் அதுதான். “டிராயிங் சீக்கிரம் வேண்டும்” என்று கேட்டால் “இந்த வாரத்துக்குள் தருகிறோம்” என்றுதான் பதில் வரும். செவ்வாய்க்குப் போனால் கம்பிக் குழு கைவிட்டுப் போகும், ஒரு நாள் தாமதம் ஒன்பது நாளாகும் என்று சொன்னால் பதில் வேறு மாதிரி வரும். இந்தச் சங்கிலி சைட்டில் நிற்கும் உங்களுக்குத்தான் தெரியும். கண்டியூட் பைப் கீழ்க் கம்பிக்கும் மேல் கம்பிக்கும் நடுவில் போகிறது, எனவே பைப் போடாமல் மேல் கம்பியை மூட முடியாது. அலுவலகத்தில் இருப்பவர் இதைத் தானாக யூகிக்க வேண்டும் என்று விட்டுவிடக் கூடாது.

சங்கிலியின் மறுமுனையையும் பாருங்கள். சாதாரண போர்ட்லாண்ட் சிமெண்டுக்கு, 4.5 மீட்டருக்கு மேல் ஸ்பான் உள்ள ஸ்லாபின் அடி முட்டுகளை 14 நாள் எடுக்கக் கூடாது என்கிறது ஐ.எஸ். 456. இந்தக் கட்டிடத்தின் ஸ்லாப் ஸ்பான் 5 மீட்டர். ஆக, கான்கிரீட் 12-6இலிருந்து 19-6க்குப் போனால் முட்டு எடுப்பது 26-6இலிருந்து 3-7க்குப் போகும், இரண்டாம் மாடிச் செங்கல் வேலையும் அதன் பின்னாலேயே போகும். “7 நாள் போய்விட்டது” என்ற எண் இப்படித்தான் வந்தது. கணக்கை அறிக்கையில் போட வேண்டாம், விடை போதும். யாராவது கேட்டால் காட்டும்படி கணக்கு உங்கள் நோட்டில் இருக்கட்டும்.

சதவீதத்தைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்கிறோம்: ஸ்லாபுக்கு 80% என்று எழுதாதீர்கள். சென்ட்ரிங் அடித்து, கீழ்க் கம்பி கட்டியவுடன் கண்ணுக்கு முக்கால்வாசி முடிந்ததாகத்தான் தெரியும். மிச்சம் இருப்பதோ அடுத்தவர் கையெழுத்தை நம்பியிருக்கும் பகுதி. அதனால்தான் ஒரே வேலை மூன்று வாரம் 90 சதவீதத்திலேயே நிற்கிறது. அப்படி நிற்கும் எண்ணைக் கண்டால் உள்ளே சொல்லப்படாத தடை ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். எண்ணக்கூடியதை எண்ணுங்கள்: 24 தூணில் 22, பூச்சு 4 அறை. எண்ண முடியாத வேலைக்கு முடிந்தது, முடியவில்லை என்ற இரண்டே பதில். ஒப்புக்கொண்டதில் எத்தனை முடிந்தது என்று வாராவாரம் எண்ணும் பழக்கம், கிளென் பல்லார்டும் கிரெக் ஹவெலும் கட்டுமானத்துக்காக வகுத்த லாஸ்ட் பிளானர் முறையின் அடிப்படை. அதிலும் பாதி முடிந்த வேலைக்கு மதிப்பெண் கிடையாது. 8இல் 6 என்பது வெட்கப்பட வேண்டிய எண் அல்ல. வாராவாரம் 8இல் 8 வந்தால்தான், சுலபமானதை மட்டும் ஒப்புக்கொள்கிறார்களோ என்று எங்களுக்குச் சந்தேகம் வரும்.

நிறத்துக்கும் ஒரே விதி இருக்கட்டும். ஒப்படைப்புத் தேதி நிற்கிறது, யாரிடமும் எதுவும் கேட்க வேண்டியதில்லை என்றால் பச்சை. தேதி நிற்கிறது, ஆனால் பெயர் சொல்லக்கூடிய ஒருவர் குறிப்பிட்ட நாளுக்குள் ஒன்றைச் செய்தால்தான் நிற்கும் என்றால் மஞ்சள். தேதி ஏற்கெனவே போய்விட்டது, சைட்டில் இருக்கும் ஆளையும் நேரத்தையும் வைத்து மீட்க முடியாது என்றால் சிவப்பு. மஞ்சள் என்று போட்டுவிட்டு “கேட்பது” வரியைக் காலியாக விட்டால் அந்த மஞ்சளுக்கு அர்த்தமே இல்லை. சிவப்பு போடுவதற்கு முன் போனில் சொல்லிவிடுங்கள். மேலாளர் அதை முதல்முதலாக அறிக்கையில் பார்க்கக் கூடாது, அதுவும் வாடிக்கையாளருக்கும் நகல் போகும் மெயிலில்.

ஆள் கணக்கு, சரக்கு இருப்பு, க்யூப் டெஸ்ட் முடிவுகள் எல்லாம் தினசரி அறிக்கையிலேயே இருக்கின்றன. 28 நாள் க்யூப் தேறவில்லை என்றால் மட்டும் அது இங்கே முதல் வரிக்கு வர வேண்டும். போட்டோ இரண்டு போதும், வாராவாரம் ஒரே இடத்தில் நின்று எடுத்தது.

அனுப்புவதற்கு முன் பக்கத்துச் சைட் பொறியாளர் ஒருவரிடம் இரண்டு நிமிடம் கொடுத்து, பிறகு போனை வாங்கிக்கொண்டு கேளுங்கள்: தேதி நிற்கிறதா, எது தடை, யார் என்ன செய்ய வேண்டும். மூன்றில் ஒன்றுக்குத் தடுமாறினாலும் அந்த வரியைத் திருத்துங்கள்.

கேட்டது வராமல் போனால், அடுத்த வாரம் அதே வரியை அதே இடத்தில், கேட்ட தேதியோடு திரும்பப் போடுங்கள்: “16-6க்குள் கேட்டது, 21-6 வரை வரவில்லை.” இதைக் குற்றச்சாட்டாக யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்று எங்களால் உறுதி சொல்ல முடியாது. ஆனாலும் போடுங்கள். பிறகு காலநீட்டிப்புக் கேட்க வேண்டி வந்தால், ஒப்பந்தக் கோப்பில் தேதியோடு கிடைக்கும் சான்று அந்த வரிதான்.

அன்புடன்,
திட்டமிடல் பிரிவில் வாராந்திர அறிக்கைகளைத் தொகுப்பவர்கள்