செயலாளர் ஆண்டறிக்கை: விளையாட்டு விழா இடர் மதிப்பீட்டுப் படிவம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, சங்க உறுப்பினர்களே, வணக்கம்.

இந்த ஆண்டு நம் சங்கம் செய்த வேலைகளில் பெரியது, உறுப்பினர் பள்ளிகளின் விளையாட்டு விழாவுக்கான இடர் மதிப்பீட்டுப் படிவத்தைத் திருத்தி எழுதியதுதான். சந்தா, கூட்ட வருகை விவரங்கள் தனித்தாளில் உள்ளன, பொருளாளர் வாசிப்பார். இந்த அறிக்கை படிவத்தைப் பற்றியது.

பழைய படிவத்தில் பெரும்பாலான வரிகளின் கடைசிக் கட்டத்தில் ஒரே பதில்தான் இருந்தது: 'ஆசிரியர் கண்காணிப்பார்'. குண்டு எறிதலுக்கும் அதே, நீளம் தாண்டுதலுக்கும் அதே, தண்ணீர்த் தொட்டிக்கும் அதே. எந்த ஆசிரியர், எத்தனை மணிக்கு என்று கேட்டால், எல்லா வரியும் உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் தலையில்தான் வந்து நிற்கும். ஆகவே புதிய படிவத்தில் 'கண்காணிப்பு' என்ற சொல்லையே எடுத்துவிட்டோம். அந்தக் கட்டத்தில் இனி ஒரு பெயரும் ஒரு நேரமும் இருக்கும். ஒரே நேரத்தில் ஒரே பெயர் இரண்டு இடத்தில் வந்தால், இரண்டு போட்டிகளில் ஒன்றை நகர்த்தியாக வேண்டும்.

மாதிரிக்கு ஒரு பள்ளியை எடுத்துக்கொள்வோம். மாணவர் 280. பெரியவர்கள் 10: உடற்கல்வி ஆசிரியர் ஒருவர், வகுப்பாசிரியர்கள் 8 பேர், அலுவலக உதவியாளர் ஒருவர். காலை 9 மணிக்கு 100 மீட்டர் ஓட்டம், குண்டு எறிதல், நீளம் தாண்டுதல் மூன்றையும் ஒன்றாகத் தொடங்குவது திட்டம். ஓட்டத்துக்கு மூன்று பேர் வேண்டும்: தொடக்கத்தில் ஒருவர், முடிவில் ஒருவர், ஓடுபாதையைக் குறுக்கே கடப்பவர்களைத் தடுக்க ஒருவர். குண்டுக்கு வட்டத்தருகே ஒருவர், விழும் பகுதியில் ஒருவர். தாண்டுதலுக்கு எகிறும் பலகையில் ஒருவர், மணல் குழியில் ஒருவர். உட்கார்ந்திருக்கும் மாணவர்களோடு மூன்று பேர், முதலுதவிக்கு ஒருவர், வாசலுக்கும் தண்ணீருக்கும் சேர்த்து ஒருவர். கூட்டினால் 12. இருப்பது 10. இந்தக் கணக்கைத் தாளில் போடாத பள்ளியில், பற்றாக்குறை இரண்டு பேரும் மாணவர் வரிசையிலிருந்துதான் கழிவார்கள். பிள்ளைகள் எழுந்து வேடிக்கை பார்க்கப் போவது அப்போதுதான். போகும் இடம் பெரும்பாலும் குண்டு விழும் பக்கம்.

குண்டு எறிதலை முந்தின நாள் காலைக்கு மாற்றினால் தேவை 10 ஆகிறது. கணக்குச் சரிதான், ஆனால் கைவசம் யாரும் மிச்சமில்லை. ஒரு பிள்ளைக்குக் கை முறிந்து 108 வண்டியில் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டியதானால், கூடப் போகும் ஆசிரியர் மதியத்துக்கு முன் திரும்ப மாட்டார். ஆகவே நீளம் தாண்டுதலையும் ஓட்டம் நடக்காத நேரத்தில் வைத்தோம். இப்போது ஓட்டம் நடக்கும்போது தேவை 8, மிச்சம் 2. அவர்களில் ஒருவர் போனால் விழா தொடரலாம். இருவரும் போனால், நடக்கிற போட்டி முடிந்ததும் நிறுத்த வேண்டும். இந்த விதியைத் தலைமையாசிரியர் முன்கூட்டியே கையொப்பமிட்டு வைப்பது நல்லது. சிறப்பு விருந்தினர் மேடையில் இருக்கும்போது அதை முடிவு செய்யச் சொன்னால் யாரும் செய்ய மாட்டார்கள்.

இப்படிப் பிரித்தால் நேரம் நீளும் என்ற புகார் நியாயமானது. தாண்டுதலில் 24 பேர், ஆளுக்கு 3 வாய்ப்பு, ஒன்றுக்கு ஒரு நிமிடம் என்றால் 72 நிமிடம். தகுதிச் சுற்றை முந்தின வாரம் உடற்கல்விப் பாடவேளையில் முடித்து, விழா நாளில் 8 பேரை மட்டும் தாண்டவிட்டால் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

மதிப்பெண் போடும் முறையிலும் ஒரு தவறு திரும்பத் திரும்ப வருகிறது. நிகழும் வாய்ப்புக்கு 1 முதல் 3, விளைவின் கடுமைக்கு 1 முதல் 3, இரண்டையும் பெருக்க வேண்டும். 6 வந்தால் ஏதாவது மாற்றாமல் போட்டி இல்லை. குண்டு ஒரு பிள்ளையின் தலையில் படுவது, வாய்ப்பு 2, கடுமை 3, ஆக 6. கயிறு கட்டிய பிறகு சிலர் கடுமையை 2 ஆக்கி 4 என்று எழுதுகிறார்கள். கயிறு கட்டியதால் குண்டின் எடை குறைவதில்லை; பட்டால் அதே அடிதான். குறைவது வாய்ப்பு மட்டும். மைதானத்தில் வேறு யாரும் இல்லாத காலையில், விழும் பகுதிக்கு வெளியே கயிறு கட்டி, குண்டுகளை எல்லோரும் எறிந்து முடித்த பிறகே எடுக்கவிட்டால் வாய்ப்பு 1, ஆக 3.

வட்டு எறிதல் வேறு கதை. வலக்கைக்காரர் சுழன்று சற்று முந்தி விட்டால் வட்டு வலப்பக்கம் போகும், பிந்தி விட்டால் இடப்பக்கம். கயிறு அதைத் தடுக்காது, வலைக்கூண்டுதான் தடுக்கும். கூண்டு இல்லாத பள்ளி விழா நாளில் வட்டு எறிதலை வைக்கக் கூடாது என்று செயற்குழு ஒருமனதாக முடிவு செய்தது. 'இத்தனை வருஷம் ஒண்ணும் ஆகலையே' என்பது இடர் மதிப்பீடு அல்ல.

அடுத்து, சரிபார்ப்புப் பட்டியல். 'மணல் குழி தயாரா?' என்று கேட்டால் 'ஆம்' என்ற ஒரே பதில்தான் வரும். இப்போது கேள்வி இப்படி: குழியை மண்வெட்டியால் 30 செ.மீ. ஆழம் கிளறியவர் யார், எத்தனை மணிக்கு? இரவு மழை பெய்தால் மேல்மணல் ஈரமாகத் தெரியும், அடியில் இறுகிக் கிடக்கும். கிளறினால்தான் தெரியும், கண்ணாடிச் சில்லும் அப்போதுதான் வெளியே வரும். குழி ஓரம் வைக்கும் ரேக்கின் பல் தரையைப் பார்த்து இருக்க வேண்டும் என்பது தனி வரி.

நம் மாவட்டத்துக்கே உரிய இரண்டு வரிகளைச் சேர்த்தோம். ஒன்று, தென்னை. நிழலைப் பார்த்துப் பிள்ளைகளைத் தென்னை மூட்டில் உட்கார வைப்பது இங்கே வழக்கம். விழா வாரத்தில் முற்றிய காயும் காய்ந்த மட்டையும் வெட்டிய தேதியைப் படிவத்தில் எழுத வேண்டும். தேதி இல்லையென்றால் அந்த நிழல் கிடையாது. இன்னொன்று, ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று. தோவாளைப் பக்கத்துப் பள்ளிகளில் சாமியானாக் கயிற்றைக் கோல் கம்பத்தில் கட்டாமல் தரையில் அடித்த இரும்பு முளையில் கட்ட வேண்டும். கால் கம்பு தரையைவிட்டு எழும்பினால் துணியை இறக்கிவிட வேண்டும். கம்பைப் பிடிக்க மாணவர்களை நிறுத்தக் கூடாது.

பட்டியல் மொத்தம் 14 வரி, ஒரே பக்கம். முந்தின மாலை, காலை 7 மணி, ஒவ்வொரு போட்டிக்கும் முன் என மூன்று பகுதி. முதலில் எழுதியது 41 வரி. அத்தனை வரி இருந்தால் என்ன ஆகும் என்பது திரும்பி வந்த தாளிலேயே தெரியும்: ஒரே பேனா, ஒரே சாய்வு, மேலிருந்து கீழ்வரை ஒரே மூச்சில் போட்ட டிக். அப்படி வந்த தாளை நிரப்பாத தாளாகவே கொள்ளலாம்.

குண்டு விழும் பகுதியின் கோணம் 34.92 பாகை. அதைக் கோணமானி வைத்து அளக்க வேண்டியதில்லை. வட்டத்தின் மையத்திலிருந்து இரு பக்கக் கோடுகளும் 10 மீட்டர், அவற்றின் முனைகளுக்கு இடையே 6 மீட்டர் இருந்தால் கோணம் தானாக வந்துவிடும். இந்த அளவில் முடிச்சுப் போட்ட நைலான் கயிறு நான்கு செட் செய்து பொருளாளரிடம் வைத்துள்ளோம். வாங்கிச் செல்பவர்கள் பதிவேட்டில் கையொப்பமிட்டு, விழா முடிந்த மறுவாரத்துக்குள் திருப்பித் தரவும். ஒரு செட் இன்னும் வரவில்லை.

இப்படிக்கு,
செயலாளர்