கவிதாவின் இரண்டு ரிப்போர்ட்டுகள்

அன்புள்ள வசந்தி,

உன் கடிதமும் ரிப்போர்ட்டுகளின் நகல்களும் கிடைத்தன. மருமகள் கவிதாவுக்கு முட்டை தீர்ந்துபோய்விட்டதோ என்று நீ தூக்கமின்றித் தவிப்பதாக எழுதியிருந்ததால், எல்லாவற்றையும் நிதானமாகப் படித்துவிட்டே இதை எழுதுகிறேன்.

முதலில், முட்டை இருப்பைக் கணிக்க இரத்தத்தில் பார்க்கும் ஏஎம்எச் என்ற ஹார்மோனின் அளவைப் பார்ப்போம். போன மாதம் 0.9 என்றும், டானிக் குடித்த பிறகு வேறு லேபில் 6.4 என்றும் வந்ததால், டானிக் வேலை செய்துவிட்டதாக நீ நம்புகிறாய். ஆனால் முதல் லேப் நானோகிராம் கணக்கிலும் அடுத்தது பிகோமோல் கணக்கிலும் எழுதியிருக்கின்றன. 6.4ஐ 7.14ஆல் வகுத்துப் பார், அதே 0.9தான் வரும். அளவு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அந்த டானிக்குக்கு இனிப் பணம் கொடுக்க வேண்டாம்.

இந்த ஹார்மோனைச் சுரப்பவை சினைப்பையில் வளரத் தொடங்கியிருக்கும் சிறிய ஃபாலிக்கிள்கள், அதாவது முட்டையைத் தாங்கிய நுண்ணிய பைகள். ஸ்கேனில் எண்ணப்படுபவையும் ஏறத்தாழ அவையே: மாதவிலக்கின் 2 முதல் 5 நாட்களுக்குள், பிறப்புறுப்பு வழியாகச் செய்யும் ஸ்கேனில், 2 முதல் 10 மில்லிமீட்டர் வரை உள்ளவற்றை இரு பக்கமும் எண்ணுவார்கள். கவிதாவுக்கு வலப்பக்கம் 4, இடப்பக்கம் 3, ஆக 7. எண்ணுபவரைப் பொறுத்தே இதில் ஒன்றிரண்டு கூடும், குறையும்.

இரண்டு சோதனையும் குறைவென்று ஒத்துப்போகின்றனவே என்று நீ கேட்பாய். அவள் இப்போது கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறாள் என்பதை லேபில் யாரும் கேட்கவில்லை போலிருக்கிறது. அந்த மாத்திரை ஃபாலிக்கிள்களின் வளர்ச்சியை அடக்கிவைப்பதால், இரத்த அளவு, ஸ்கேன் எண்ணிக்கை இரண்டுமே உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும். மாத்திரையை நிறுத்தி இரண்டு மூன்று மாதம் கழித்துப் பார்த்தால்தான் உண்மை நிலை புரியும்.

அப்போதும் குறைவாகவே வந்தால்? டெஸ்ட் டியூப் சிகிச்சையில் ஊசி போடும்போது எத்தனை முட்டை கிடைக்கும், மருந்தின் அளவு எவ்வளவு வேண்டும் என்பதைச் சொல்லவே இச்சோதனைகள் உதவும். முட்டையின் தரத்தை இவை காட்டுவதில்லை. அதைப் பெரிதும் தீர்மானிப்பது வயது, அவளுக்கோ 31தான். 2017இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், குழந்தையின்மைப் பிரச்சினை இல்லாத, 30 முதல் 44 வயது வரையிலான பெண்களைப் பார்த்தபோது, ஏஎம்எச் நானோகிராம் கணக்கில் 0.7க்கும் குறைவாக இருந்தவர்களும் மற்றவர்களைப் போலவே இயல்பாகக் கருத்தரித்தார்கள். மாதம் ஒரு முட்டை வெளிவந்தால் போதுமல்லவா?

கவிதாவும் அவள் கணவனும் இன்னும் குழந்தைக்கு முயலவே இல்லை. அதற்குள் முட்டை உறையவைக்கும் பேக்கேஜுக்கு முன்பணம் கட்டச் சொன்னது எனக்குக் கோபத்தையே தருகிறது. அவர்கள் விரும்பும்போது மாத்திரையை நிறுத்திவிட்டு முயலட்டும்; ஒரு வருடத்தில் கரு நிற்காவிட்டாலோ, மாதவிலக்கு தவறினாலோ என்னிடம் அழைத்து வா. மறுபடி சோதிக்க நேர்ந்தால், அளவை எந்தக் கணக்கில் எழுதியிருக்கிறார்கள் என்று முதலில் பார்க்கச் சொல்.

அன்புடன்,
மீனாட்சி