சோற்றுக்குப் பக்கத்தில் உருளைக்கிழங்கு: திருகோணமலையின் சுகாதாரப் பாட ஆசிரியர்களுக்கு ஒரு மடல்

மதிப்புக்குரிய ஆசிரியர்களே,

தரம் 8, 9 பெண் பிள்ளைகளுக்கு நீங்கள் கரும்பலகையில் வரையும் உணவுத் தட்டைப் பற்றித்தான் எழுதுகிறேன். பாதித் தட்டு மரக்கறியும் பழமும், கால்வாசி சோறு, கால்வாசி மீன், முட்டை, பருப்பு. அமெரிக்க விவசாயத் திணைக்களம் 2011 இல் பழைய கூம்புப் படத்தைக் கைவிட்டு இப்படியொரு தட்டை வெளியிட்டது. ஒரே பார்வையில் விளங்கும் நல்ல படம். ஆனால் பிள்ளை அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனால் அங்கே இருப்பது வேறு தட்டு. முக்கால்வாசி சோறு, ஓரத்தில் உருளைக்கிழங்குக் கறி, மேலே ஓடும் பருப்புத் தண்ணீர், ஒரு துண்டுப் பொரித்த மீன்.

இந்தத் தட்டைப் பிரித்துக் காட்டச் சொன்னால் பெரும்பாலான பிள்ளைகள் உருளைக்கிழங்கை மரக்கறிப் பக்கம் வைப்பார்கள். கறியாகச் சமைத்ததெல்லாம் மரக்கறி என்பதுதான் நம் வீட்டுக் கணக்கு. மாப்பொருள் கணக்கில் உருளைக்கிழங்கு, மரவள்ளி, வற்றாளை, ஈரப்பலாக்காய் எல்லாம் சோற்றின் பக்கம். அதேபோல நாலு பருப்பு மிதக்கும் தண்ணீரைப் புரதம் என்று எண்ண முடியாது. கரண்டியில் அள்ளினால் குவியலாக நிற்க வேண்டும். ஆகவே முதல் பாடத்தில் வெறும் வட்டத்தை வரைவதை விட, முதல்நாள் மத்தியானம் சாப்பிட்டதைப் பிள்ளைகளையே வரையச் சொல்லி, ஒவ்வொன்றும் எந்தப் பக்கம் என்று கேளுங்கள். விவாதம் தானாக வரும்.

அதே மூச்சில் ஒன்றைத் தவிர்த்துவிடுங்கள். "சோற்றைக் குறை" என்று வளரும் பிள்ளைக்குச் சொல்ல வேண்டாம். தட்டு விகிதத்தைத்தான் காட்டும், எவ்வளவு சாப்பிடலாம் என்று காட்டாது. நிலாவெளியில் ஓட்டப் பயிற்சிக்குப் போகும் பிள்ளைக்குக் கால்வாசிச் சோறு போதாது. அவள் அதே விகிதத்தில் இரண்டாம் முறையும் போட்டுக்கொள்ளலாம். வகுப்பில் நிறை பார்ப்பதும், கலோரி எண்ண வைப்பதும் இந்த வயதில் பிள்ளைகளைச் சாப்பாட்டிலிருந்து விலக்கத்தான் உதவும்.

நான் இங்கே நின்று பேச விரும்புவது இரும்புச்சத்தைப் பற்றி. மாதவிடாய் தொடங்கிய பிறகு பெண் பிள்ளையின் தேவை ஆண் பிள்ளையை விடக் கூடுகிறது. அமெரிக்கப் பரிந்துரைப்படி 14 முதல் 18 வயது வரை பெண் பிள்ளைக்கு நாளுக்கு 15 மில்லிகிராம், ஆண் பிள்ளைக்கு 11. எவ்வளவு சாப்பிட்டாள் என்பது பாதிக் கதைதான்; உடம்பு எவ்வளவை எடுத்தது என்பது மிச்சக் கதை. மீனிலும் இறைச்சியிலும் உள்ள இரும்பில் ஒரு பங்கை உடம்பு சுலபமாக எடுக்கும். கீரையிலும் பருப்பிலும் இருப்பதை எடுக்கத் துணை வேண்டும். அதே வேளைச் சாப்பாட்டில் தேசிப்புளி, கொய்யா போன்ற உயிர்ச்சத்து சி உள்ள ஒன்று சேர்ந்தால் கூடுதலாக எடுக்கும். கொஞ்சம் மீன் சேர்ந்தாலும் அப்படித்தான். தேத்தண்ணி சேர்ந்தால் குறையும்.

ஒரு பிள்ளையின் நாள் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். காலையில் பால் தேத்தண்ணியும் பிஸ்கட்டும். இடைவேளையில் ஒரு ரோல்ஸ். மத்தியானம் மேலே சொன்ன தட்டு, சாப்பிட்ட கையோடு இன்னொரு தேத்தண்ணி. இரவில் பிட்டும் சம்பலும். வயிறு நிறைந்துவிட்டது. பச்சை இலை ஒன்றும் இல்லை, பழம் இல்லை, மீன் ஒரு துண்டு, அதற்கு மேலும் தேத்தண்ணி. சம்பலில் போட்ட மாசித்தூளை மீன் என்று கணக்கெடுக்கவும் முடியாது.

இதைத் திருத்தப் புதிதாக எதையும் வாங்கச் சொல்லத் தேவையில்லை. தேத்தண்ணியைச் சாப்பிட்டு ஒரு மணித்தியாலத்துக்குப் பின்னுக்குத் தள்ளலாம். உருளைக்கிழங்குக்குப் பதிலாக வேலி முருங்கையின் இலையை வறுத்து, அடுப்பிலிருந்து இறக்கிய பின் தேசிக்காய் பிழியலாம். கொதிக்கும்போது பிழிந்தால் உயிர்ச்சத்து சி வீணாகும். நம் அம்மாமார் சொதியை இறக்கிவிட்டுப் புளி விடுவது இந்த வகையிலும் நல்லதுதான். வல்லாரைச் சம்பலில் இலையும் பச்சை, புளியும் பச்சை, அதனால் அது இன்னும் நல்லது. பெரிய மீன் விலை ஏறிய நாளில் சூடையோ சாளையோ போதும். இரவுப் பிட்டோடு அவித்த பயறு ஒரு கைப்பிடி.

அடுத்தது வாரப் பதிவு. ஏழு நாளுக்கு ஏழு கட்டம், ஐந்தே வரிசை: பச்சை இலை; மீன், இறைச்சி அல்லது முட்டை; தடிப்பான பருப்பு, பயறு அல்லது கடலை; பழம் அல்லது பச்சைத் தேசிப்புளி; தேத்தண்ணி இல்லாத சாப்பாடு. தேசிப்புளியும் தேத்தண்ணியும் தவிர்ந்த மற்றதற்கு ஒரு மேசைக்கரண்டியாவது சாப்பிட்டால்தான் சரி போடலாம். ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய அமைப்பும் பெண்களின் உணவுப் பன்மையை அளக்கும்போது 15 கிராமுக்குக் குறைந்ததை எண்ணுவதில்லை. மாசித்தூள் விஷயம் அங்கேயே முடிந்துவிடும்.

பதிவை வீட்டுக்குக் கொடுத்துவிட்டு வெள்ளிக்கிழமை திருப்பி வாங்காதீர்கள். வகுப்புக்கு வெளியில் ஒரே பேனையால், ஒரே சாய்வில், ஐந்து நாளுக்கும் சேர்த்துப் போட்ட சரிகளைத்தான் காண்பீர்கள். தினமும் காலையில் வருகைப் பதிவு எடுக்கும் நேரத்தில் நேற்றைய நாளை மட்டும் குறிக்கச் சொன்னால் இரண்டு நிமிடம்தான் போகும். வெள்ளி, சனி, ஞாயிறைத் திங்கள் காலையில் குறிக்கலாம். வெள்ளி, சனிக் கட்டங்கள் கொஞ்சம் நம்பகம் குறைந்தவை என்று நினைவில் வைத்துக்கொண்டால் சரி.

வாசிக்கும்போது நாள்வாரியாகக் கூட்டிப் புள்ளி போட வேண்டாம். குறுக்காகப் பாருங்கள். எந்த வரிசை வெறுமையாகக் கிடக்கிறதோ அதை மட்டும் அடுத்த வாரம் மாற்றுவதற்குப் பிள்ளையே ஒரு வழி சொல்லட்டும். வெள்ளிக்கிழமை மரக்கறி மட்டும் சமைக்கும் வீடுகளில் மீன் வரிசை அன்றைக்கு வெறுமைதான். பருப்பு வரிசையில் சரி இருந்தால் போதும். கந்தசஷ்டி விரத நாட்களில் பதிவைத் தொடங்க வேண்டாம். கிண்ணியாவிலும் மூதூரிலும் நோன்பு மாதத்துக்கு முன்போ பின்போ வைத்தால் நல்லது.

இன்னொன்று, கட்டாயம். தாளைச் சுவரில் ஒட்ட வேண்டாம், வாய்விட்டு வாசிக்கவும் வேண்டாம். கடலுக்குப் போக முடியாத வாரம் ஒரு மீனவர் வீட்டில் எந்த வரிசை வெறுமையாகும் என்று உங்களுக்குத் தெரியும். மூன்று, நான்கு நாள் எல்லா வரிசையும் வெறுமை என்றால் அது பாடத்தால் தீரும் பிரச்சினை இல்லை. தனியாகப் பேசி, அந்தப் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தருக்குச் சொல்லுங்கள். படியேறினால் மூச்சு வாங்குவது, வெளிறிய உள் இமை, மாதவிடாயில் அளவுக்கு மீறிய இரத்தப்போக்கு என்றாலும் தட்டை நம்பியிருக்காமல் இரத்தப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். இந்த வயதுப் பெண் பிள்ளைக்கு ஹீமோகுளோபின் டெசிலீற்றருக்கு 12 கிராமுக்குக் கீழே இருந்தால் குருதிச்சோகை. அதைச் சாப்பாட்டால் மட்டும் சீராக்க நெடுநாள் பிடிக்கும். வைத்தியர் தரும் மாத்திரை வேண்டும், காரணமும் தேடப்பட வேண்டும்.

உங்கள் பாடசாலையில் வாராந்த இரும்பு மாத்திரை கொடுக்கிறீர்கள் என்றால், அதைக் கொடுக்கும் நாளையே பதிவின் முதல் நாளாக வைத்துப் பாருங்கள். மாத்திரை விழுங்கியதும் கன்ரீன் தேத்தண்ணிக்கு ஓடும் பிள்ளைகளை மறுநாள் காலையிலேயே பிடித்துவிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மனைப்பொருளியல் ஆசிரியை ஒருத்தி,
உப்புவெளி