ஏறுநெற்றிக்கு ஃப்ரிஞ்ச்: எங்கிருந்து எடுப்பது, எத்தனை மாதம் வைப்பது

ஆசிரியருக்கு,

வணக்கம். தங்கள் பெண்கள் இணைப்பிதழில் வந்த முடி அலங்காரக் குறிப்பில், ஏறுநெற்றி உள்ளவர்கள் புருவம் வரை அடர்த்தியாக ஃப்ரிஞ்ச் வெட்டிக்கொண்டால் போதும், நெற்றி மறைந்துவிடும் என்று இரண்டே வரியில் முடித்திருந்தார்கள். அதைப் படித்துவிட்டு நேரே பார்லரில் போய் உட்காருகிறவர்கள் உண்டு என்பதால் இதை எழுதுகிறேன். கும்பகோணம், மயிலாடுதுறை பக்கத்துப் பெண்களுக்குப் பெரும்பாலும் இருப்பது லேசான அலையோடிய முடி. போதாக்குறைக்கு வருஷத்தில் பாதி நாள் காற்றில் ஈரம். இந்த இரண்டையும் கணக்கில் எடுக்காத எந்த ஆலோசனையும் இங்கே ஒரு வாரம் தாங்காது.

ஃப்ரிஞ்ச் எந்த இடத்தில் முடிகிறது என்பதைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். ஏறுநெற்றிக்கு அது எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதுதான் முக்கியம். ஒரு சீப்பை உச்சந்தலையில் படுக்கை வசமாக, நெற்றியை நோக்கி வைத்துப் பாருங்கள். சீப்பு தலையைத் தொட்டுக்கொண்டே வந்து ஓரிடத்தில் தலையை விட்டு விலகும். தலை முன்பக்கம் சரியத் தொடங்கும் இடம் அது. அதற்கு முன்னால் உள்ள முடி தானாக நெற்றியில் விழும்; பின்னால் உள்ள முடி மேல்நோக்கியோ பக்கவாட்டிலோதான் போகும். சாதாரண நெற்றி உள்ளவருக்கு அந்த இடத்துக்கும் முடி தொடங்கும் கோட்டுக்கும் நடுவில் நாலைந்து சென்டிமீட்டர் இருக்கும். ஏறுநெற்றியில் முடிக்கோடே மேலே தள்ளி இருப்பதால் இரண்டு, மூன்று சென்டிமீட்டர்தான் மிஞ்சும். அதாவது, அதிகம் மறைக்க வேண்டியவருக்கு முன்னால் விழக்கூடிய முடி குறைவு. அடர்த்தியான ஃப்ரிஞ்ச் கேட்பவருக்கு வெட்டுபவர் வழக்கம்போல நாலு விரல் ஆழத்துக்கு முடியைப் பிரித்து எடுத்தால், பின்வரிசை முடி முன்னால் விழாமல் உச்சியில் ஒரு திண்ணைபோல எழும்பி நிற்கும். அதை அமுக்க ஜெல், ஸ்ப்ரே என்று போய்க்கொண்டே இருக்கும்.

வெட்டினால் எப்படி இருக்கும் என்று பார்க்க, பின்னல் நுனியை உச்சி வழியாகக் கொண்டுவந்து நெற்றியில் தொங்கவிட்டுப் பார்க்கும் பழக்கம் ஒன்று உண்டு. அதை நம்ப வேண்டாம். அது முழுப் பின்னலின் அடர்த்தி. வெட்டும்போது கையில் வருவது அதில் ஒரு சிறு பங்குதான்.

அகலத்துக்கும் ஓர் எல்லை உண்டு. இடப் புருவத்தின் வெளிநுனியிலிருந்து வலப் புருவத்தின் வெளிநுனி வரை, அதற்கு மேல் ஒரு முடியும் வேண்டாம். உச்சியில் சீப்பு விலகிய இடம், இந்த இரண்டு நுனிகள், இந்த மூன்றையும் சேர்க்கும் முக்கோணம்தான் ஃப்ரிஞ்சுக்கான முடி. நெற்றியின் இரு ஓரத்துப் பொட்டுப் பக்கத்து முடியை இழுத்துச் சேர்த்தால் அடர்த்தி கூடும் என்று நினைப்பார்கள். அந்த முடி காதுப் பக்கம்தான் சாயும். அங்கே ஏற்கெனவே மெலிந்திருப்பவர்களுக்கு உள்ளே தோல் தெரியத் தொடங்கிவிடும். சிறு வயது முதல் இறுக்கிப் பின்னி, சவுரி வைத்து, கனமாகப் பூவும் வைத்ததால் முன்முடி பின்வாங்கியவர்கள் நம் பக்கத்தில் நிறைய. பொட்டுப் பக்கத்தில் ஒடிந்த குட்டி முடிகளும் பின்னும்போது வலியும் இருந்தால், முதலில் பின்னலைத் தளர்த்துங்கள், தோல் மருத்துவரைப் பாருங்கள். கத்தரிக்கோல் பிறகு வரட்டும்.

இனி எந்த வகை என்பது. நேராக வெட்டிய முழு ஃப்ரிஞ்ச் ஏறுநெற்றியில் முடிக்கோட்டிலிருந்து புருவம் வரை எட்டு சென்டிமீட்டர் போல வெறுமனே தொங்க வேண்டும். அவ்வளவு தூரம் தொங்கும் மெல்லிய முடி வியர்வை பட்டதும் ஐந்தாறு கற்றைகளாகப் பிரியும். ஒவ்வொரு இடைவெளியிலும் நெற்றி முழு உயரத்துக்குத் தெரியும், ஒன்றுமே வெட்டாததைவிட எடுப்பாக. 1960-களில் இந்தி நடிகை சாதனா தன் அகன்ற நெற்றியை மறைக்க வைத்துக்கொண்ட ஃப்ரிஞ்ச்தான் ‘சாதனா கட்’ என்று ஊரெல்லாம் பரவியது. திரையில் ஒவ்வொரு காட்சிக்கும் முன்னால் சீவிவிட ஆள் இருந்திருக்கும். பேருந்தில் தொங்கிக்கொண்டு கல்லூரி போகிறவருக்கு யார் இருக்கிறார்கள்? நடுவகிடு எடுத்து இரு பக்கமும் திரைபோலப் பிரியும் கர்ட்டன் ஃப்ரிஞ்ச் இப்போது பிரபலம். அதில் நடுவே ஒரு கூரை முனை உண்டாகி, கண்ணை நேராக முடிக்கோட்டுக்கு ஏற்றிவிடும். அதுதான் வேண்டுமென்றால் வகிட்டை நடுவிலிருந்து ஒன்றரை சென்டிமீட்டராவது தள்ளி எடுங்கள். என் தேர்வு, பக்கவகிட்டிலிருந்து சாய்வாக நெற்றியைக் கடந்து கன்ன எலும்பில் முடியும் நீளமான ஃப்ரிஞ்ச். முடி சாய்வாகப் போவதால் ஒரு கற்றை விலகினாலும் அடுத்தது அந்த இடத்தை மூடும். புருவ நடுவில் வைக்கும் பொட்டும் தெரியும். நம் ஊரில் அது சின்ன விஷயமில்லை.

வகிடு எந்தப் பக்கம் என்பதை முன்நெற்றிச் சுழி தீர்மானிக்கட்டும். முன்முடியை நனைத்து, நேராக முன்னால் சீவி, கையை எடுத்துவிடுங்கள். காயக் காய அது ஒரு பக்கம் திரும்பும். அந்தப் பக்கமே சாயவிடுங்கள். எதிர்ப்பக்கம் இழுத்தால் அரை மணி நேரத்தில் நடுவே வாய்பிளந்து நிற்கும்.

ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். முடிக்கோட்டிலிருந்து புருவம் வரை எட்டு சென்டிமீட்டர், சீப்பு விலகும் இடம் முடிக்கோட்டுக்குப் பின்னால் மூன்று சென்டிமீட்டர், லேசான அலைமுடி, சுழி வலப்பக்கம் திரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். வகிடு இடப்பக்கம், இடப் புருவத்தின் வளைவுக்கு நேர் மேலே. முதல் நாளே தலைக்குக் குளித்து, எண்ணெய் வைக்காமல், டிரையர் போடாமல் தானாகக் காய்ந்த முடியில் வெட்ட வேண்டும். ஈர முடி நீண்டு தெரியும். காய்ந்ததும் அலைமுடி ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர் மேலே ஏறிவிடும். டிரையரில் நேராக்கி வெட்டினாலும் இதே கதைதான், பார்லர் கண்ணாடியில் சரியாக இருந்தது வீட்டு வாசலில் சுருங்கிவிடும். மீதி முடியைப் பின்னால் கட்டிவிட்டு, முக்கோண முடி முழுவதையும் வகிட்டுப் பக்கம், அதாவது இடக் கண்ணுக்கு மேலே கொண்டுவந்து இரு விரலுக்கு நடுவில் பிடியுங்கள். இழுக்காமல் பிடிக்க வேண்டும். வலப்பக்கத்திலிருந்து வரும் முடி அதிக தூரம் கடந்து வருவதால், இங்கே ஒரே அளவில் வெட்டினாலும் திரும்ப விடும்போது அது நீளமாக நிற்கும். சாய்வு அப்படித்தான் கிடைக்கிறது. இலக்கு, வகிட்டுப் பக்கம் மூக்குத்தண்டின் நடு, வலப்பக்கம் கன்ன எலும்பு. ஆனால் முதல் வெட்டு மூக்கு நுனியில் நிற்கட்டும். கத்தரிக்கோலைக் குறுக்கே வைக்காமல் நுனி மேலே பார்க்க நிமிர்த்தி, சிறிது சிறிதாகக் கொத்தி வெட்டினால் ஓரம் கோடு போட்டதுபோல இல்லாமல் மெத்தென்று வரும். விட்டுவிட்டு, தலையை உலுக்கி, பத்து நிமிடம் கழித்துப் பார்த்து அடுத்த ஒரு சென்டிமீட்டர். முடியை மெலிதாக்கும் பல் வைத்த கத்தரிக்கோலை முடிக்கோட்டுக்கு அருகில் விடாதீர்கள். உள்ளே உண்டாகும் துண்டு முடிகள் ஐப்பசி மழைக் காற்றில் ஒவ்வொன்றாக எழுந்து நிற்கும்.

பராமரிப்பில் எண்ணெய்தான் எதிரி. தலைக்கு எண்ணெய் வைப்பவர்கள் காதுக்குப் பின்னாலிருந்து தொடங்குங்கள். ஃப்ரிஞ்சில் பட்டால் கற்றை பிரியும், நெற்றியில் பருவும் வரும். தினமும் தலைக்குக் குளிக்க வேண்டியதில்லை. மீதி முடியைக் கட்டிவிட்டு முன்முடியை மட்டும் துளி ஷாம்பூவில் அலசி, துண்டால் ஒற்றி, காயும்வரை இடமும் வலமுமாக மாற்றி மாற்றிச் சீவினால் போதும்.

எவ்வளவு காலம் வைப்பது என்பதை வெட்டுவதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டரோ சற்றுக் கூடவோ வளரும். புருவ நீள ஃப்ரிஞ்ச் மூன்று வாரத்தில் கண்ணில் குத்தும். மாதாமாதம் திருத்தியே ஆக வேண்டும். மேலே சொன்ன நீளச் சாய்வு ஆறு முதல் எட்டு வாரம் தாங்கும். வேண்டாம் என்று விடும்போதுதான் வித்தியாசம் நன்றாகத் தெரியும். ஏறுநெற்றியின் நடுவிலிருந்து முடி காதுக்குப் பின்னால் செருகி நிற்க ஏறத்தாழ பதினேழு சென்டிமீட்டர் வேண்டும். புருவத்தில் வெட்டியிருந்தால் எட்டு, ஒன்பது மாதக் காத்திருப்பு. நீளச் சாய்வில் குட்டையான முடிக்கே நாலைந்து மாதம் போதும். பின்னலுக்குள் முழுசாக அடங்க இரண்டிலுமே இன்னும் பல மாதம் ஆகும்.

கல்யாணம் பேசி முடித்த பெண்கள் இந்தக் கணக்கைப் பின்னாலிருந்து போட வேண்டும். நெற்றிச்சுட்டிக்கு நடுவகிடு எடுத்து இருபக்கமும் படிய வார வேண்டும். முன்முடி காதுக்குப் பின்னால் எட்டாவிட்டால் சுட்டியின் இருபுறமும் கொம்புபோல நீட்டிக்கொண்டு நிற்கும். தை முகூர்த்தம் என்றால், நீளச் சாய்வு வைத்திருப்பவர் ஆடிப்பெருக்கோடு திருத்துவதை நிறுத்திவிட வேண்டும். புருவ நீளம் என்றால் சித்திரையிலேயே. ஆவணியில் நிச்சயமாகி, அதற்கு முதல் வாரம்தான் புருவத்தில் வெட்டினேன் என்று வருபவருக்கு, சுட்டியை ஒற்றைச் சங்கிலியாக இல்லாமல் இருபக்கப் பட்டையோடு எடுக்கச் சொல்லலாம். பட்டைக்கு அடியில் முன்முடியைப் படுக்க வைத்துக் குறுக்குக் குறுக்காக இரண்டிரண்டு ஊசி குத்தினால் தாலி கட்டி முடியும் வரை அசையாது.

இப்படிக்கு,
முடி அலங்காரத் தொழில் செய்யும் வாசகி,
கும்பகோணம்