பிப்ரவரிக்கு 31 நாள் போட்ட ரசீது

நெல்லைச் சீமைக் கல்லூரிகளில் ஜாவாஸ்கிரிப்ட் பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். அம்பாசமுத்திரம் பக்கம் கடைகளுக்கு மென்பொருள் எழுதியும் பழுது பார்த்தும் பிழைக்கிறவன் நான். ஒரு நகைக்கடன் கடையில் பார்த்ததைச் சொல்லி, உங்களிடம் ஒன்று கேட்கவே இந்த மடல்.

பிசான அறுப்புக்கு மெஷின் வாடகை கொடுக்க ஒரு ஆச்சி 10-2-2025 அன்று வளையலை வைத்து 50,000 ரூபாய் வாங்கியிருந்தார். நெல்லைப் போட்டுவிட்டு 10-3-2025 அன்று மீட்க வந்தார். வட்டி வருடத்துக்கு 12 சதவீதம், நாள் கணக்கு. ரசீதில் இரண்டு தேதியும் சரியாகவே இருந்தன. ஆனால் நாட்கள் என்ற இடத்தில் 31 என்று அச்சாகியிருந்தது. ஆச்சி விரலை விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "ஏய்யா, பிப்ரவரிக்கு இருபத்தெட்டு நாளுதானே?" என்றார். மூன்று நாள் வட்டி, 49 ரூபாய் சொச்சம், அதிகம்.

நிரலைத் திறந்தால் உள்ளே இருந்தது இவ்வளவுதான்:

```js
const d = new Date(2025, 2, 10);
d.getDate() + "-" + d.getMonth(); // "10-2"
```

ஜாவாஸ்கிரிப்டில் மாதம் 0-இல் தொடங்குகிறது. நாள் 1-இல் தொடங்குகிறது. எனவே மேலே உள்ளது மார்ச் 10. எழுதியவர் உள்ளே அனுப்பும்போது ஒன்றைக் கழிக்கவில்லை, வெளியே எடுக்கும்போது ஒன்றைக் கூட்டவும் இல்லை. இரண்டு தவறும் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டதால் திரையில் சரியான தேதி தெரிந்தது. கணக்கு மட்டும் மார்ச் 10 முதல் ஏப்ரல் 10 வரை ஓடி 31 நாள் என்றது.

இது வெளியே தெரிவது சில தேதிகளில்தான். ஆகஸ்ட் 31 என்று கொடுத்தால் நிரல் அதை செப்டம்பர் 31 என்று எடுத்துக்கொள்ளும். அப்படி ஒரு நாள் இல்லை என்று ஜாவாஸ்கிரிப்ட் பிழை சொல்லாது. சத்தமில்லாமல் அக்டோபர் 1-க்குத் தள்ளிவிடும். திரையில் 1-9 என்று வரும். டிசம்பர் 5 கொடுத்தால் அடுத்த வருடத்துக்குப் போய் 5-0 என்று நிற்கும். கடைக்காரர் இதை "பிரிண்டர் கோளாறு" என்று நினைத்துப் பேனாவால் திருத்திக் கொடுத்திருக்கிறார்.

திருத்தும்போதுதான் எனக்கு வயிறு கலங்கியது. பழைய பதிவுகளை எல்லாம் ஒரு மாதம் பின்னால் நகர்த்தினால் போதும் என்று நினைத்தேன். ஆனால் ஆகஸ்ட் 31-இல் வைத்த நகையும் செப்டம்பர் 1-இல் வைத்த நகையும் கணினியில் ஒரே அக்டோபர் 1 ஆகத்தான் கிடக்கின்றன. எது எது என்று கணினிக்குத் தெரியாது. இரண்டு நாள் உட்கார்ந்து அடிக்கட்டைகளைப் புரட்டித்தான் பிரித்தோம்.

இந்த வழக்கம் சி மொழியிலிருந்து வருகிறது. அதில் மாதம் 0 முதல் 11 வரை. மாதப் பெயர்களை வரிசையாக வைத்து எண்ணைக் கொண்டு எடுக்க அது வசதி. மாதத்தின் நாளுக்குத் தனிப் பெயர் கிடையாது, அதனால் 1 முதல் 31. ஜாவா அதை அப்படியே எடுத்துக்கொண்டது. 1995-இல் பிரெண்டன் ஐக் ஜாவாஸ்கிரிப்டைப் பத்தே நாளில் உருவாக்கியபோது, ஜாவா மாதிரி இருக்க வேண்டும் என்ற உத்தரவால் தேதியும் அங்கிருந்து வந்தது. ஜாவா அந்த முறைகளை 1997-லேயே கைவிடச் சொல்லிவிட்டது. ஜாவாஸ்கிரிப்டில் மாற்றினால் இருக்கிற வலைத்தளங்கள் உடையும் என்பதால் அப்படியே நிற்கிறது. புதிதாக வந்திருக்கும் `Temporal` என்ற தேதி வசதியில் பிப்ரவரி என்றால் எண் 2 தான். ஆனால் நம் கடைகளில் இருக்கும் பழைய கணினிகளில் அது ஓடாது.

அதுவரை எழுத வேண்டியது இது:

```js
const d = new Date(y, m - 1, n);
if (d.getMonth() !== m - 1) throw new Error("தேதி தவறு");
```

இரண்டாவது வரியை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. பிப்ரவரி 30 என்று யாராவது தட்டினால் அங்கேயே நிறுத்துவது அதுதான்.

நான் பார்த்த ரெக்கார்டு நோட்டுகளில் எல்லாம் பயிற்சி ஒன்றே ஒன்று: இன்றைய தேதியை அச்சிடு. அதில் `+ 1` போட்டால் மதிப்பெண். பயனர் கொடுக்கும் தேதியை உள்ளே வாங்கும் பயிற்சியே இல்லை. அதைச் சேருங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். ஆகஸ்ட் 31, ஜனவரி 30, டிசம்பர் 5 மூன்றையும் மாணவர் கையாலேயே தட்டட்டும். அப்புறம் 10-2-2025 முதல் 10-3-2025 வரை எத்தனை நாள் என்று நிரலிடம் கேட்கட்டும். 28 வந்தால் மட்டும் கையெழுத்துப் போடுங்கள்.

எந்தச் சனிக்கிழமை கூப்பிட்டாலும் ஆய்வகத்துக்கு வருகிறேன். அந்த ரசீதின் நகல் என்னிடம் இருக்கிறது, கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு நிரலர்