பொருள்: கன்ட்ரோலர் மாறியபோது ஃபீட்வாட்டர் வால்வு மூடி பாய்லர் டிரிப் ஆனது பற்றிய புகார்

பெறுநர்:
சேவைப் பிரிவு மேலாளர் அவர்கள்

ஐயா,

எங்கள் சர்க்கரை ஆலையில் மணிக்கு 40 டன் நீராவி தரும் பாய்லருக்கு, போன சீசனில் நீங்கள் ஹாட் ஸ்டாண்ட்பை கன்ட்ரோலர் ஜோடி பொருத்தினீர்கள். ஒன்று நின்றால் மற்றது அதே நொடியில் எடுத்துக்கொள்ளும், வால்வு அசையவே அசையாது என்று சொல்லித்தான் விற்றீர்கள்.

கடந்த 14ஆம் தேதி அதிகாலை 2.40க்கு முதல் கன்ட்ரோலரின் பவர் சப்ளை போனது. ஸ்டாண்ட்பை உடனே எடுத்துக்கொண்டது, அதில் குறையில்லை. ஆனால் அதுவரை 62 சதவீதம் திறந்திருந்த ஃபீட்வாட்டர் வால்வு சட்டென்று மூடிக்கொண்டது. டிரெண்டில் 13.92 மில்லி ஆம்பில் நேராக ஓடிய கோடு, ஒரே படியாக 4 மில்லி ஆம்புக்கு இறங்கியிருக்கிறது. ஆபரேட்டர் மேனுவலுக்கு மாற்றி வால்வை முழுக்கத் திறந்தார். குளிர்ந்த தண்ணீர் உள்ளே போனதும் டிரம்மில் நீராவிக் குமிழிகள் சுருங்கி, லெவல் இன்னும் கீழேதான் காட்டியது. இரண்டு நிமிடத்துக்குள் பாய்லர் டிரிப், அரவை நின்றது.

உங்கள் பொறியாளர் வந்து, 'சிங்க் விளக்கு பச்சையாகத்தானே இருந்தது' என்றார். இரண்டிலும் ஒரே புரோகிராம் இருக்கிறது, இடையிலுள்ள கேபிள் நன்றாக இருக்கிறது என்பதற்குத்தான் அந்த விளக்கு. எல்லா மதிப்பும் நகலாகிறது என்பதற்கு அது சாட்சி இல்லை.

நாங்களே லேப்டாப்பை மாட்டிப் பார்த்தோம். வால்வை இயக்கும் பிஐடி பிளாக்கை உங்கள் ஆட்கள் தனியாக எழுதியிருக்கிறார்கள். அதன் இன்டெக்ரல் மதிப்பு, ஸ்டாண்ட்பைக்கு அனுப்பப்படும் மெமரிப் பகுதிக்கு வெளியே இருக்கிறது. முதல் கன்ட்ரோலரில் 62, ஸ்டாண்ட்பையில் 0. லெவல் செட்பாயின்டில் நிற்கும்போது பிழை கிட்டத்தட்ட பூஜ்யம் என்பதால் வால்வைத் திறந்து வைத்திருப்பதே அந்த இன்டெக்ரல்தான். அது இல்லாமல் ஸ்டாண்ட்பை என்ன செய்யும்?

ஒப்படைக்கும் முன் செய்த சோதனையில் இது ஏன் தெரியவில்லை என்றும் பார்த்தோம். அன்று பாய்லர் எரியவில்லை, வால்வு மூடியே இருந்தது. 0 போய் 0 வந்தால் யாருக்குத் தெரியும்? அந்தச் சோதனை அறிக்கையில் நானும் கையெழுத்துப் போட்டேன், அதுதான் எனக்கு மிகவும் வருத்தம்.

அந்த இன்டெக்ரலை அனுப்பும் பகுதிக்குள் கொண்டுவாருங்கள். அதோடு, ஸ்டாண்ட்பை பொறுப்பேற்கும் முதல் ஸ்கேனில் வால்வுக்குப் போன கடைசி சிக்னலைப் படித்து, அங்கிருந்தே கணக்கைத் தொடங்கும்படியும் எழுதுங்கள். அப்புறம் பாய்லர் லோடில், லூப் ஆட்டோவில் இருக்கும்போது முதல் கன்ட்ரோலரை நிறுத்திக் காட்டுங்கள். கையால் வால்வை இயக்க ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும், 100 மில்லி செகண்டுக்கு ஒருமுறை சிக்னல் பதிவாகட்டும். மற்ற 11 லூப்புகளிலும் இதே பிளாக்தான் இருக்கிறது, அவற்றையும் இதே போலச் சோதிக்க வேண்டும்.

உங்கள் பொறியாளர் வந்து போனதற்கு நீங்கள் அனுப்பிய பில்லைத் திருப்பி அனுப்புகிறேன். குறை உங்கள் புரோகிராமில் இருக்கும்போது நாங்கள் பணம் கட்ட மாட்டோம். எந்தத் தேதியில் வருகிறீர்கள் என்று இந்த வாரத்துக்குள் எழுத்தில் தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
இன்ஸ்ட்ருமென்டேஷன் பொறுப்பாளர்

இணைப்பு: 14ஆம் தேதி டிரெண்ட் பிரதி, இரண்டு கன்ட்ரோலர்களின் மெமரி மதிப்புகள்